கேரட் கழுவும் டிரம்மின் ‘ஆட்டம்’: டிப்ளமோ மாணவனின் புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கோத்தகிரி டீச்சர்
வணக்கம். நான் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், பட்டறை வேலை எதுவும் தெரியாது. கேத்திப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து என் பழைய மாணவன், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், நியூசிலாந்தில் காய்கறி பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறான். அவர்கள் கடைசி வருட புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து செய்த கேரட் கழுவும் இயந்திரம் அது. இரண்டடி விட்டம், நாலடி நீளத்தில் ஒரு டிரம், சுற்றிலும் எவர்சில்வர் குழாய்கள், நடுவில் ஷாஃப்ட், மோட்டார், கியர்பாக்ஸ். ரிப்போர்ட் 38 பக்கம், முழுக்கத் தமிழில், கையால் எழுதி அப்புறம் டைப் செய்தது.

பாதி முடித்துவிட்டேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன், அப்படியே தருகிறேன்: “டிரம் சுற்றும்போது இரண்டு நூல் ஆட்டம் இருந்தது. சரி செய்தோம்.” நான் ‘டூ த்ரெட்ஸ்’ என்று போட்டு, ஆட்டத்துக்கு ‘வைப்ரேஷன்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே ஏதோ இடிக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
டீச்சர், இடிப்பது சரிதான். முதலில் நூல். எங்கள் பட்டறைகளில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். தச்சர்கள் சொல்வதும் அதே கணக்குதான். ஆக இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். ‘த்ரெட்ஸ்’ என்று போனால் அங்கே படிப்பவர் போல்ட் மரையைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று நினைப்பார், மறுபடி படிப்பார், அப்புறம் அந்தப் பக்கத்தையே நம்பமாட்டார்.

ஆனால் 6.35 என்றும் எழுதிவிடாதீர்கள். பையன் ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்த்து இரண்டு நூல் என்று சொல்லியிருக்கிறான். அதைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு எழுதினால் நல்ல அளவுக்கருவி வைத்துப் பார்த்தான் என்று ஆகிவிடும். ‘சுமார் 6 மி.மீ.’ போதும்.

அடுத்தது ஆட்டம். இந்தச் சொல்லை நாம் குறைந்தது மூன்று விஷயத்துக்குச் சொல்கிறோம். பேரிங் தேய்ந்து ஷாஃப்டைக் கையால் அசைத்தால் அசைகிறது என்றாலும் ஆட்டம். மோட்டார் ஓடும்போது ஃப்ரேமே நடுங்கினாலும் ஆட்டம். டிரம் மையத்தில் சுற்றாமல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினாலும் ஆட்டம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ப்ளே’, இரண்டாவது ‘வைப்ரேஷன்’, மூன்றாவது ‘ரன்-அவுட்’. மூன்றுக்கும் காரணம் வேறு, சரி செய்யும் வழியும் வேறு. இரண்டு நூல் என்று அளவு சொல்லியிருப்பதால் எனக்கு மூன்றாவது என்றுதான் படுகிறது, ஆனாலும் ஊகித்து எழுதக்கூடாது. பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: எங்கே நின்று, எதை வைத்து அளந்தான்? மேலும் கீழுமா ஆடியது, பக்கவாட்டிலா?

ஊட்டி மலைக்காற்று
டீச்சர், மொழிபெயர்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வெளிநாடு என்றால் நோட்டரி கையெழுத்து, அப்புறம் அப்போஸ்டில் முத்திரை எல்லாம் வேண்டும். என் அக்கா பெண் நர்சிங் சான்றிதழுக்கு ஐந்து மாதம் அலைந்தாள். இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் ஓடமுடியாது.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
அது டிப்ளமோ சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மாதிரி அரசு ஆவணங்களுக்கு. புராஜெக்ட் ரிப்போர்ட் அந்த வகையில் வராது. இவனுக்கு என்ன தெரியும் என்று பார்க்கத்தான் கம்பெனி இதைக் கேட்கிறது. சான்றிதழுக்கு அவர்கள் கேட்டால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி டீச்சர்
அவனையே இங்கே வரச் சொல்லிவிட்டேன், நான் நடுவில் நின்று சொன்னால் இன்னும் குழப்புவேன்.

கேத்தி தம்பி
வணக்கம் சார், வணக்கம் எல்லோருக்கும். ஆட்டம் என்று நான் எழுதியது மேலும் கீழும் ஆடியதைத்தான். டிரம்முக்கு மூன்று வளையம், கேரட் உள்ளே விழும் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வெளியே வரும் பக்கம் ஒன்று. வெளியே வரும் பக்கத்து வளையம்தான் ஆடியது. ஃப்ரேமில் ஒரு கம்பியை கிளாம்ப் போட்டு அதன் முனையை வளையத்துக்குப் பக்கத்தில் வைத்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலில் பார்த்தோம். ரொம்ப நெருங்கும் இடத்துக்கும் ரொம்ப விலகும் இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு நூல். டயல் கேஜ் எங்களிடம் இல்லை.

காரணம் நாங்கள் வெல்டிங் செய்த முறைதான் என்று பிறகு புரிந்தது. ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் குழாய்களை முழு வெல்டு போட்டுக்கொண்டே போனோம். பாதி சுற்று வந்தபோதே வளையம் இழுத்துக்கொண்டது. வளையத்தை ஷாஃப்டோடு இணைக்கும் ஸ்போக்குகளின் வெல்டைக் கிரைண்டரில் அறுத்து, வளையத்தை மையத்துக்குக் கொண்டு வந்து, நாலு இடத்தில் எதிரெதிராக டேக், அதாவது சின்னச் சின்ன வெல்டு, வைத்து, ஒவ்வொரு டேக்குக்கும் பிறகு சுற்றிப் பார்த்து, அப்புறம் முழு வெல்டு போட்டோம். கடைசியில் அரை நூலுக்கும் குறைவு.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
தம்பி, இதை ஏன் ரிப்போர்ட்டில் எழுதவில்லை? “சரி செய்தோம்” என்ற இரண்டு வார்த்தைக்குள் இவ்வளவு வேலையைப் போட்டு மூடிவிட்டாயே. நான் முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரி வொர்க்‌ஷாப்பில் ஆள் எடுத்திருக்கிறேன், இந்த ஒரு பத்தியை நீ சொல்லியிருந்தால் மீதி 37 பக்கத்தைக் கேட்காமலே எடுத்திருப்பேன். எவர்சில்வர் சாதா இரும்பைவிட சூட்டில் ஒன்றரை மடங்கு அளவுக்கு விரியும், சூடும் சீக்கிரம் பரவாமல் வெல்டு போட்ட இடத்திலேயே நிற்கும், அதனால் இழுப்பு அதிகம். நீ பார்த்தது அதைத்தான்.

டீச்சர், இது முழுசாக ஆங்கிலத்தில் வரவேண்டும். அளவு, எப்படி அளந்தான், காரணம், என்ன செய்தான், செய்தபின் அளவு. அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ‘2 மி.மீ.க்குள்’ என்று போடலாம். டயல் கேஜ் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாம் கியர்
மைய விலகல் என்றால் அதில் பாதிதானே? வித்தியாசம் 6 என்றால் 3 மி.மீ. என்று அல்லவா எழுதவேண்டும்?

பழைய ஃபோர்மேன், குன்னூர்
மையம் விலகியது 3, உண்மைதான். ஆனால் ரன்-அவுட் என்று எழுதினால் மொத்த வித்தியாசத்தைத்தான் சொல்வார்கள், அது 6. மையம் விலகியதை எழுதவேண்டும் என்றால் அதற்கு வேறு சொல் போடவேண்டும். இவன் அளந்தது வித்தியாசத்தை, அதையே எழுதட்டும்.

கோத்தகிரி டீச்சர்
மொழிபெயர்ப்பு என்றால் இருப்பதைத்தானே மாற்ற வேண்டும்? ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு பத்தியை நான் எப்படிச் சேர்ப்பது? கல்லூரியில் கையெழுத்தான ரிப்போர்ட் அது.

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
நான் பத்து வருடமாகத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன். டீச்சர் கேட்டது சரியான கேள்வி. ரிப்போர்ட்டின் உடம்பில் கை வைக்காதீர்கள், “சரி செய்தோம்” என்ற வரி ஆங்கிலத்திலும் சுருக்கமாகவே இருக்கட்டும். அந்த இடத்தில் ஒரு எண் போட்டு, கடைசியில் ‘மாணவரின் விளக்கம்’ என்று தனிப் பக்கம் வைத்து, தேதி போட்டு, அவன் பெயரில் எழுதச் சொல்லுங்கள். படிப்பவருக்கு எது ரிப்போர்ட், எது பின்னால் சேர்த்தது என்று தெரியும். அளவுகளுக்கு மட்டும் நீங்களே மில்லிமீட்டர் போடலாம், நூலை அப்படியே விட்டுவைத்தால் யாருக்கும் பயன் இல்லை.

இன்னொன்று. தமிழில் “செய்தோம்” என்ற ஒரே சொல்லுக்குள் நாமே செய்ததும், வெளியே கொடுத்துச் செய்து வாங்கியதும் சேர்ந்து நிற்கும். “வீடு கட்டினேன்” என்று சொல்பவர் செங்கல் எடுத்து வைத்திருக்க மாட்டார், நமக்கு அது தெரியும், யாரும் பொய் என்று சொல்லமாட்டோம். ஆங்கிலத்தில் அதே வரியைச் செய்வினையில் எழுதினால் அவனே கையால் செய்தான் என்று ஆகிவிடும். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு “செய்தோம்”க்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, யார் செய்தது என்று அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டு அப்புறம் மொழிபெயர்க்க உட்காருங்கள்.

கேத்தி தம்பி
ஷாஃப்ட் கடைசல் நாங்கள் செய்யவில்லை சார். காலேஜ் லேத்தில் அந்த நீளம் பிடிக்காது. குன்னூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினோம். டிராயிங் நான் போட்டுக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் “ஷாஃப்ட் கடைசல் செய்தோம்” என்றுதான் இருக்கிறது.

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
பாருங்கள். இதை அப்படியே மாற்றியிருந்தால், நேர்முகத்தில் “எந்த வேகத்தில் கடைந்தாய், டெயில்ஸ்டாக் எப்படி வைத்தாய்” என்று ஒரு கேள்வி வந்தாலே தம்பி திணறியிருப்பான். டிராயிங் போட்டுக் கொடுத்து வெளியே செய்து வாங்குவது கம்பெனிகளில் தினமும் நடப்பது, மறைக்க ஒன்றும் இல்லை. ‘மாணவர்கள் தந்த வரைபடத்தின்படி வெளிப் பட்டறையில் கடையப்பட்டது’ என்று எழுதுங்கள்.

துபாயில் இருந்து திரும்பியவன்
நீங்கள் எல்லோரும் பையனைக் கீழே இறக்குகிறீர்கள். வெளிநாட்டுக்காரன் தாளைத்தான் பார்ப்பான். ஃபார்மல் ஆங்கிலம் என்றால் எல்லாவற்றையும் செயப்பாட்டு வினையில் எழுதினால் போதும், ‘செய்யப்பட்டது, பொருத்தப்பட்டது, சோதிக்கப்பட்டது’. யார் செய்தது என்ற கேள்வியே வராது. ‘டிசைன் செய்யப்பட்டது’ என்றும் தைரியமாகப் போடுங்கள்.

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
செய்யப்பட்டது என்று எழுதுவது ரிப்போர்ட்டின் உடம்புக்குச் சரி, அதில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆங்கிலத் தொழில்நுட்ப ரிப்போர்ட்டில் வேலை நடந்த விதத்தை அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் வேலைக்கு எடுப்பவர் தேடுவது அந்த நான்கு பேரில் இவனை மட்டும்தானே? முழுக்கச் செயப்பாட்டு வினையாகவே போனால் 38 பக்கத்தில் இவன் எங்கேயும் இல்லை. அதனால் விளக்கப் பக்கத்தில் மட்டும் ‘நான்’ என்று எழுதவேண்டும்: நான் அளந்தேன், நான் டேக் வைத்தேன், நான் வரைந்தேன்.

டிசைன் என்ற சொல் பற்றி: தம்பி, இந்த இயந்திரத்தின் யோசனை எங்கிருந்து வந்தது?

கேத்தி தம்பி
பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் பெரிய இயந்திரம் ஓடுகிறது. அதைப் போய் மூன்று நாள் பார்த்து, அளவெடுத்து, சின்னதாக மாற்றினோம். குழாய்களுக்கு நடுவில் இடைவெளி மட்டும் நாங்கள் முடிவு செய்தது. அவர்களுடையதில் சின்னக் கேரட் நுனி மாட்டி உடைந்தது, அதனால் குறைத்தோம். மோட்டார் 1 எச்.பி., 1440 சுற்று. 3 அங்குல புல்லியிலிருந்து 6 அங்குல புல்லி, அப்புறம் 20-க்கு 1 கியர்பாக்ஸ்.

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
அப்படியென்றால் ‘அங்கே ஓடும் இயந்திரத்தைப் பார்த்து அளவு குறைத்து மாற்றியமைத்தது, குழாய் இடைவெளி மட்டும் புதிதாக முடிவு செய்தது’ என்று வரட்டும். ‘டிசைன்’ என்று மொட்டையாகப் போட்டால் கணக்குகளைக் கேட்பார்கள். ‘அடாப்டட்’ என்று போட்டு, நுனி உடைந்த கதையைச் சொன்னால் அவன் என்ன யோசித்தான் என்பதே தெரிந்துவிடும்.

துபாயில் இருந்து திரும்பியவன்
எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. எல்லோரும் கூட்டித்தான் எழுதுகிறார்கள். இவன் மட்டும் குறைத்து எழுதினால் பின்னால் போய்விடுவான்.

படகுச்சவாரி
அண்ணா, என் தம்பி கதையைச் சொல்கிறேன். குன்னூரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தான். ஒருவர் அனுபவச் சான்றிதழை ஆங்கிலமாக்கிக் கொடுத்தார், அதில் ‘மெக்கானிக்கல் இன்ஜினியர்’ என்று போட்டுவிட்டார். போன இடத்தில் முதல் வாரமே டிராயிங்கைக் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்கள். ஃபிட்டர் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அதைக் காட்ட வழியே இல்லாமல் நான்கு மாதத்தில் திரும்பி வந்தான். இன்னும் அதைப் பற்றிப் பேசமாட்டான்.

கோத்தகிரி டீச்சர்
இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. எவர்சில்வருக்கு என்ன எழுதுவது, அதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். மற்றது, “இந்த இயந்திரம் மணிக்கு 375 கிலோ கேரட்டைக் கழுவும்” என்ற வரி. இது பார்க்க எளிமையாக இருக்கிறது, இதில் ஏதாவது இருக்கிறதா?

மூன்றாம் கியர்
எவர்சில்வர் நம் ஊர்ப் பேச்சு, வெளியே யாருக்கும் புரியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் 304 கிரேடு, அதையும் சேர்த்துப் போடலாம். உணவு சம்பந்தப்பட்ட இயந்திரம், 304 என்றால் மதிப்பு கூடும்.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சரி. காந்தக் கணக்கு சரியில்லை. 202-ம் காந்தத்தில் ஒட்டாது, மாடிப்படிக் கைப்பிடிக்குக் கடைகளில் அதிகம் விற்பது அதுதான். 202-இல் நிக்கல் குறைவு, ஈரத்தில் 304 அளவுக்குத் துரு தாங்காது. காந்தம் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. தம்பி, கடை பில்லில் என்ன போட்டிருக்கிறது?

கேத்தி தம்பி
‘எஸ்.எஸ். பைப்’ என்று மட்டும்தான் ஞாபகம் சார். பில் என் நண்பனிடம் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
பில்லில் எண் இருந்தால் அந்த எண். இல்லை என்றால் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கிரேடு சரிபார்க்கப்படவில்லை’. காய்கறி இயந்திரம் செய்யும் கம்பெனிக்காரர் இந்த வரியில் கட்டாயம் நிற்பார். நீ சரிபார்க்கவில்லை என்று நீயே சொல்லியிருந்தால் அடுத்து என்ன செய்திருப்பாய் என்று கேட்பார், அதற்கு நீ பதில் சொல்லலாம். 304 என்று போட்டுவிட்டு எப்படித் தெரியும் என்று கேட்டால் காந்தம் என்றா சொல்வாய்?

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
375 கிலோ பற்றி நான் கேட்கிறேன். தம்பி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தீர்களா?

கேத்தி தம்பி
இல்லை. ஒரு தடவைக்கு 25 கிலோ போட்டோம், 4 நிமிடத்தில் மண் போய்விட்டது. மணிக்கு 15 தடவை, அதனால் 375 என்று கணக்குப் போட்டோம். மூன்று தடவை ஓட்டினோம்.

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
மூட்டையைக் கொட்டி, கழுவியதை எடுத்து, சேற்றுத் தண்ணீரை மாற்றும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. தமிழில் “கழுவும்” என்ற எதிர்கால வினை ‘கழுவக்கூடும்’ என்ற பொருளையும் தாங்கிக்கொள்ளும், படிப்பவர் விட்டுக்கொடுத்துப் படிப்பார். ஆங்கிலத்தில் அது கெபாசிட்டி என்று ஆகும், இயந்திரம் விற்பவர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி மாதிரி. டீச்சர், பார்த்ததை எழுதுங்கள்: 25 கிலோ, சுமார் 4 நிமிடம், மூன்று சோதனை. 375 ரிப்போர்ட்டில் இருப்பதால் நீக்க வேண்டாம், ‘கணக்கிட்டது, ஏற்றி இறக்கும் நேரம் சேராமல்’ என்ற குறிப்போடு வையுங்கள். டிரம் வேகம் என்ன எழுதியிருக்கிறது?

கோத்தகிரி டீச்சர்
நிமிடத்துக்கு 36 சுற்று.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
1440-ஐப் புல்லி பாதியாக்கினால் 720, இருபதால் வகுத்தால் 36. கணக்கு சரி. ஆனால் பெல்ட் கொஞ்சம் வழுக்கும். எண்ணிப் பார்த்தாயா தம்பி?

கேத்தி தம்பி
வளையத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, போனில் நேரம் வைத்து எண்ணினோம். 35 வந்தது. ரிப்போர்ட்டில் கணக்கையே போட்டுவிட்டோம், 35 தப்பு என்று நினைத்தோம்.

பழைய ஃபோர்மேன், குன்னூர்
தப்பே இல்லை. விளக்கப் பக்கத்தில் இரண்டையும் எழுது, கணக்கில் 36, எண்ணியது 35, எப்படி எண்ணினாய் என்பதோடு.

கோத்தகிரி டீச்சர்
நேற்று இரவு உட்கார்ந்து விளக்கப் பக்கத்தை எழுதிவிட்டேன். ஆட்டம் பற்றிய பகுதி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் வந்திருக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

“வெளிவாய்ப் பக்கத்து வளையத்தில் சுமார் 6 மி.மீ. ரன்-அவுட் இருந்தது. ஃப்ரேமில் பொருத்திய கம்பி முனைக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன், டயல் கேஜ் இல்லை. குழாய்களை ஒரே திசையில் வரிசையாக முழு வெல்டு செய்ததால் வளையம் இழுக்கப்பட்டது என்று முடிவு செய்தேன். ஸ்போக் வெல்டுகளை அறுத்து, வளையத்தை மையப்படுத்தி, எதிரெதிராக நான்கு டேக் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு அளந்து, மீண்டும் வெல்டு செய்தேன். அதன்பின் ரன்-அவுட் 2 மி.மீ.க்குள் இருந்தது.”

பழைய ஃபோர்மேன், குன்னூர்
நன்றாக இருக்கிறது டீச்சர். ஒன்றே ஒன்று. முதலில் “கையால் சுற்றி” என்று வரவேண்டும், இவன் மோட்டார் ஓடும்போது அளக்கவில்லை. கையால் சுற்றி அளந்தேன் என்று சேருங்கள்.

கேத்தி தம்பி
டீச்சர், இன்னொன்றும் மாற்றவேண்டும். கடைசி முழு வெல்டு நான் போடவில்லை. டேக் வரைக்கும்தான் நான். முழு வெல்டு போட்டது என் நண்பன், அவன் கை என்னைவிட நன்றாக ஓடும். அவன் பெயரைப் போடலாமா?

துறையூர்ப் பெயர்ப்பாளி, கொடைக்கானலிலிருந்து
அவனிடம் கேட்டுவிட்டுப் போடு. கேட்க முடியவில்லை என்றால் ‘குழுவில் இன்னொருவர்’ என்று எழுது.

துபாயில் இருந்து திரும்பியவன்
நான் சொன்னதிலிருந்து மாறவில்லை, ஆனால் அந்த ஐந்து வாக்கியம் நன்றாக இருக்கிறது. அதை விளக்கப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

கோத்தகிரி டீச்சர்
வைக்கிறேன். கையால் சுற்றியது சேர்த்தாயிற்று, கடைசி வெல்டை மாற்றியாயிற்று. இன்னும் ஒரு சந்தேகம், ஆங்கிலப் பிரதியில் கல்லூரி வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து வேண்டுமா, நான் மொழிபெயர்ப்பாளர் என்று கீழே என் கையெழுத்து மட்டும் போதுமா?

கேத்தி தம்பி
பில் கிடைத்துவிட்டது. ‘எஸ்.எஸ். பைப், 48’ என்று மட்டும் இருக்கிறது, கிரேடு எண் இல்லை. கடைக்காரர் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், அவர் வாங்கிய பில்லைப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறேன்.